தீனாவிடம் இல்லாத ஒன்றரை மணி நேரம்

பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒரு குப்பத்தில் ஒருவன் அம்மன் கோயில் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தான், கற்பூரம் எகிறி அவனுடைய பாதி மீசையைப் பொசுக்கிவிட்டது. பொன்னேரி மார்க்கெட்டில் கஸ்தூரியம்மாள் மடவை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்ன செய்தி இது. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுவதற்குள் இடது புருவமும் போயிருந்தது. மீஞ்சூர் தாண்டும்போது ஆளுக்குப் பேச்சே நின்றுவிட்டதாகக் கேள்வி. இப்படியே விட்டால் சென்ட்ரல் போய்ச் சேரும்போது அந்த மனிதன் உயிரோடு இருப்பானா என்பதே சந்தேகம் என்பதால், நேரில் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது; போய்ச் சேர நாலு மாதம் ஆகிவிட்டது.

குப்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முறை எனக்கு நல்ல இறால் கிடைக்காது.

ஆள் பெயர் தீனா. மீசை இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. புருவம் இரண்டு. பேச்சும் நிற்கவில்லை, நான் போனபோது தேவகியிடம், அதாவது அவருடைய மனைவியிடம், 2011இல் தங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று வாதாடிக்கொண்டிருந்தார். புதன்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் தீனா சொல்வதுதான் சரி என்பார்கள்.

அதுதான் தீனாவின் வாழ்க்கைக் குறிப்பே. வயது நாற்பத்து மூன்று, எட்டாம் வகுப்பு, சொந்தமாக ஒரு படகு, மூன்று வலை, ஒரு மகள். இவை எல்லாம் ஊரில் பலருக்கும் உண்டு. தீனாவிடம் மட்டும் இருந்தது ஞாபகம். அவர்கள் ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு: எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஊர்க் கணக்கில் தலைக்கட்டு, அதாவது குடும்பப் பதிவு, உள்ளவனுக்குத்தான் அந்த முறை வரும். தலைக்கட்டு போனால் ஏரி இருக்கும், படகு இருக்கும், வலை கட்ட நாள் இருக்காது. இந்த முறை விவரத்தைச் சங்கத்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் தகராறு வந்தால் நோட்டைத் தேட மாட்டார்கள், தீனாவைத் தேடுவார்கள். இருபது வருஷத்துப் பாடு அவர் நாக்கில் இருந்தது. ஒருமுறை பொன்னேரிக் கோர்ட்டில் நில வழக்கு ஒன்றுக்குச் சாட்சி சொல்லப் போனார். எதிர் வக்கீல் மடக்குவதாக நினைத்து, நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த நாள் காலையில் என்ன சாப்பிட்டீர் என்று கேட்டார். பழைய சோறும் நெத்திலிக் கருவாடும், கருவாடு கொஞ்சம் தீய்ந்துபோயிருந்தது என்றார் தீனா. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பட்டப்பகலில், ஒன்றரை மணி நேரம் காணாமல் போனது.

வரதன் வீட்டுக் காதுகுத்து. வரதன் அடுத்த தெரு. தீனாவுக்கு மச்சான் முறை, படகு கட்டுவதும் பக்கத்துப் பக்கத்தில்தான். தீனா முந்தின நாள் சாயங்காலம் ஏரிக்குப் போனவர் காலை பதினொரு மணிக்குத்தான் கரை சேர்ந்தார். தூக்கமில்லை, சோறில்லை. குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனால் முதல் பந்தி முடிந்து இரண்டாவதுக்கு இலை போடவில்லை. பந்தலுக்குப் பின்னால் வேறொரு பந்தி நடந்துகொண்டிருந்தது. வெறும் வயிற்றில், மே மாத வெயிலில், இரண்டு குவார்ட்டரை அரை மணி நேரத்துக்குள் முடித்தார். தண்ணீர் கலந்ததாக அவர் சொல்கிறார். தண்ணீருக்குப் பாட்டிலைக் காட்டியதோடு சரி என்று சாட்சிகள் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் விழவில்லை, தூங்கவில்லை, உளறவில்லை. இதைத்தான் ஊர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நன்றாக நடந்தார். சமையல்காரரிடம் போய் வஞ்சிரத்தை இந்தத் தடிமனில் வெட்டினால் உள்ளே வேகாது என்றார். அது சரியான யோசனை. தளர்ந்து தொங்கிய பந்தல் கயிற்றை அவிழ்த்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் படகு முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினார். அந்தப் பந்தலை மறுநாள் பிரிக்க முடியாமல் கயிற்றை அறுக்க வேண்டி வந்தது. 2009ஆம் வருஷத்துப் பாடு முறையை யாரோ கேட்க, ஒரு பெயர் பிசகாமல் ஒப்பித்தார். அப்புறம் வரதன் தோளில் கையைப் போட்டு, வருகிற அமாவாசைக்குத் தனக்கு விழுந்திருந்த முகத்துவாரப் பாட்டை வரதனுக்கே விட்டுக்கொடுத்தார்.

அமாவாசையில், முகத்துவாரத்தில், வலை கட்டும் முறை. இறால் தண்ணீரோடு தள்ளிக்கொண்டு வருகிற நாள் அது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விழுந்தால் அதிர்ஷ்டம். ஒரு பந்தல் கயிற்றைக் கட்டுகிற சுலபத்தில் அதைக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் வரதன் ஊர்த் தலைவரான நாட்டார் வேதாசலத்திடம் போய் மாற்றத்தைப் பதிவு செய்யச் சொன்னார். வேதாசலம் தீனாவைக் கூப்பிட்டுக் கேட்டார். தீனா சிரித்தார். வரதன் விளையாடுகிறான் என்று நினைத்தாராம். வரதன் விளையாடவில்லை என்று தெரிந்ததும் கோபம் வந்தது. ஊரே கேட்டது என்றார்கள். ஊர் சேர்ந்து ஏமாற்றுகிறது என்றார் தீனா. கடைசியில் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். தீனா அதைக் கையால் அடித்து அணைத்தார்.

“நான் அந்த வார்த்தைய சொல்லவே இல்ல.”

குப்பத்தில் இதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆனால் நாற்பது பேர் காதால் கேட்டிருக்கிறார்கள். ஆக, அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம். தண்டனை ஒரு வருஷம் தலைக்கட்டு நிறுத்தம். தீர்ப்பை அடுத்த ஞாயிறு கூட்டத்தில் சொல்வதாக வேதாசலம் ஆறு நாள் தவணை கொடுத்தார். அந்த ஆறு நாளில்தான் மீசை எரிந்து, ரயிலேறியது.

தீனா ஏன் அவ்வளவு துணிந்து அடித்தார் என்பது அவர் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே புரியக்கூடிய விஷயம். வேறு எவனாக இருந்தாலும், குடித்திருந்தேன், ஞாபகம் இல்லை என்று சொல்லியிருப்பான். தீனாவுக்கு அந்த வழியே தெரியாது. தான் சொன்னது தனக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லையென்றால் தான் சொல்லவில்லை. இருபது வருஷமாக ஊரே இந்தக் கணக்கை ஒத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. ஓட்டை விழுந்த ஞாபகத்துக்கு ஓட்டை இருப்பது ஞாபகம் இருக்காது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தேவகிக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவருடைய கணவர் பொய் சொல்லும்போது முதலில் “தேவகியம்மா” என்று மரியாதையாகத் தொடங்குவார். இந்த விஷயத்தில் அம்மா போடவில்லை. அப்படியானால் பொய் இல்லை. ஆனால் காதுகுத்தில் அவர் சொன்னதைத் தேவகியும் காதால் கேட்டிருக்கிறார். அப்படியானால் உண்மையும் இல்லை. இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு அவர் கோயிலுக்கோ ஜோசியரிடமோ போகவில்லை. புதன்கிழமை தடுப்பூசி போட வந்த நர்ஸ் எலிசபெத்திடம் போனார்.

எலிசபெத் பதினாறு வருஷமாக அந்தக் குப்பங்களுக்கு வருகிறவர். ஊரில் இருபது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரையும் ஊசியால் குத்தியவர் என்பதால் அவருக்கு ஒரு அதிகாரம் உண்டு. அவர் தேவகியிடம் கேட்ட முதல் கேள்வி: இதற்கு முன்னால் இப்படி நடந்திருக்கிறதா?

தேவகி இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். திருவிழா, கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் தீனா ஒரு மாதிரி வந்து உட்காருவார். நேற்று நல்லாத்தான் இருந்துச்சு இல்ல, என்பார். அப்புறம் நான் சாப்பிட்டேனா, என்பார், சும்மா கேட்பதுபோல. இவர் சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். மதியத்துக்குள் அந்தக் கதையை, தானே பார்த்ததுபோல, நாள் கிழமையோடு வேறு யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். இந்த முறை தேவகி ஒட்டுப்போடுவதற்குள் வரதன் விடிந்ததும் விடியாததுமாக நாட்டாரிடம் போய்விட்டார்.

“பிரியாணி சாப்ட்டாருன்னு நான் சொன்னா, பிரியாணி ருசிய அவரே சொல்லுவாரு சிஸ்டர். எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.”

எலிசபெத் இரண்டாவதாகக் கேட்டது, அன்றைக்கு வீடியோ எடுத்தார்களா என்று.

எடுத்தார்கள். பொன்னேரி சரவணன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எதுவானாலும் கேமராவை முக்காலியில் நிறுத்தி ஒன்றை ஓடவிட்டுவிட்டு இன்னொன்றோடு அலைகிற ஆள். அலைகிற கேமரா தீனாவைக் கண்டுகொள்ளவில்லை. முக்காலிக் கேமரா ஆடாமல் அசையாமல், மூலையில் மணியைக் காட்டிக்கொண்டு, மதியம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் தீனா அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோயில் முன்னால் கூட்டம். சரவணன் லேப்டாப்பை அர்ச்சனைத் தட்டு வைக்கிற மேடையில் வைத்தார். பெரியசாமி, அதாவது கோயில் பூசாரி, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

1:52. வரதன் தோளில் தீனாவின் கை. “அமாவாச பாட்ட நீ எட்த்துக்கோ மச்சான், புள்ள காது குத்திக்கீது.” குரல் தெளிவாக இருந்தது. தீனா லேப்டாப் பக்கமாகக் குனிந்தார். தன் வாயைத் தானே பார்த்தார். யாருக்கோ தன் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்பதுபோல ஒரு பார்வை.

கூட்டத்தில் சலசலப்பு. தண்டனையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு பேர். எலிசபெத், இன்னும் ஓடட்டும் என்றார்.

1:58. தீனா பதினொரு கிலோ கொடுவா பிடித்த கதையைச் சொன்னார். 2:05. பதினொரு கிலோ கொடுவா பிடித்த கதையை அதே ஆட்களிடம் சொன்னார். 2:09. ஒருவர் போய் இன்னொருவர் வந்திருந்தார். மற்ற மூவர் அதே மூவர். கொடுவாவும் அதே கொடுவா. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி கையை அகட்டினார். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நாலாவது கொடுவாவுக்குப் பெரியசாமி வசனத்தைக் கூடவே சொன்னார். ஐந்தாவதில் ஊரே கையை அகட்டியது. தீனாவும் சிரித்துவிட்டார், அவமானத்தில் பாதியும் கதை நன்றாக இருந்ததில் பாதியுமாக. எடை மட்டும் கடைசி வரை பதினொன்று. மூன்றாவது தடவையிலேயே பதினாலு ஆகாத மீன் கதையைக் கேட்டபோதே ஊர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

2:16. இதுதான் அது. திரையில் வேதாசலமே வருகிறார், வாயில் வெற்றிலை. இன்னாடா, அமாவாச முறைய வரதனுக்குக் குட்த்துட்டியாமே, என்று கேட்கிறார்.

“யார் சொன்னது? வரதன நான் காலைலேர்ந்து கண்ணாலயே பாக்கலியே நாட்டாரே.”

வரதன் அப்போது அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

திரையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். தீனா கிண்டல் பண்ணுகிறான் என்று வேதாசலம் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார். திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த வேதாசலம் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். தன் கேள்வியும் அதற்கு வந்த பதிலும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கிண்டல் என்று ஞாபகம் வைத்திருந்தார்.

எலிசபெத் நிறுத்தச் சொன்னார்.

கொடுத்து இருபத்து நாலு நிமிஷம்தான் ஆகிறது, என்றார். சத்தியம் பண்ணப் போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது, மறைக்க ஒரு காரணமும் கிடையாது. அப்போதே அவரிடம் அது இல்லை. அவர் மறக்கவில்லை. மறக்க வேண்டுமென்றால் முதலில் பதிய வேண்டும்.

“பாடுல மீன் விழுந்துக்கினேதான் இருந்துச்சு. கைல எட்த்துப் பாத்தாரு, பேசினாரு, சிரிச்சாரு. ஐஸ் பொட்டில போடற ஆள் மட்டும் லீவு. கைல இருக்கிறது கொஞ்ச நேரம் தாங்கும். அப்றம் இல்ல.”

அந்த ஐஸ் பெட்டிக்காரன் யார் என்று பெரியசாமி கேட்டார். மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று ஓர் இடம், ஒரு பக்கத்துக்கு ஒன்று, கடல்குதிரை மாதிரி வளைந்திருக்கும், அதனால்தான் அந்தப் பேர் என்றார் எலிசபெத். சாராயம் மெதுவாக ஏறினால் அது தடுமாறித் தடுமாறியாவது வேலை பார்க்கும். வெறும் வயிற்றில் மளமளவென்று ஏறினால் அடியோடு நிறுத்திவிடும். ஆனால் பேசுகிற இடம் வேறு, நடக்கிற இடம் வேறு, கை பழகின முடிச்சு இருக்கிற இடம் வேறு. முன்னமே பெட்டிக்குள் போன பழைய மீனும் பத்திரமாக இருக்கும். அதனால்தான் 2009 பாடு வந்தது, கொடுவா வந்தது. இன்றைக்குப் பிடித்தது மட்டும் உள்ளே போகாது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கிறவனுக்கும் தெரியாது.

கடல்குதிரை உயிரோடு இருக்குமா என்று பெரியசாமி கவலையோடு கேட்டார். மாலைக்குள் பசியாவரம் வரை, தீனாவின் மண்டையைத் திறந்து இரண்டு கடல்குதிரை எடுத்தார்கள் என்று செய்தி போய்விட்டது.

மோரும் எலுமிச்சையும் கொடுத்தால் ஞாபகம் திரும்புமா என்று ஒருவர். இல்லாததை எதைக் கொடுத்தும் திருப்ப முடியாது என்றார் எலிசபெத். அப்புறம் தீனா பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். இது முதல் தடவை இல்லை என்று வீட்டில் சொன்னார்கள் அண்ணா. இப்படி ஆகிறது என்றால் அளவு கைமீறிப் போகிறது என்று உடம்பு சொல்லுகிறது. படகில் இருக்கும்போது இந்த ஒன்றரை மணி நேரம் வந்தால் என்ன செய்வீர்கள்.

வேதாசலம் எழுந்தார். பொய் என்றால் தெரிந்து சொல்வது. இவன் தனக்குத் தெரிந்ததைத்தான் அடித்தான். அம்மன் ஒன்றும் கோபப்படவில்லை, மீசையைப் பாருங்கள். தலைக்கட்டு இருக்கும்.

அதோடு முடிந்திருக்கும். வரதன் கிளம்பத் தயாரானபோது தீனா கையைத் தூக்கினார்.

“தெரியாம சொன்னாலும் என் வாய்தானே சொல்லுது. பாடு வரதனுக்குத்தான்.”

தேவகி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையோடு, 1:52ஐ இன்னொரு தடவை போடச் சொன்னார். சரவணன் போட்டார். இந்த முறை கூட்டம் தீனாவைப் பார்க்காமல் வரதன் பேசுவதைக் கேட்டது. வாத்தியச் சத்தத்துக்கு நடுவில் வரதன் சொல்வது தெளிவாக இருந்தது: சும்மா வேண்டாம் மாமா, பத்துக் கல்நண்டு தரேன், ஒவ்வொண்ணும் முக்கால் கிலோ.

வரதன் திருதிருவென்று விழித்தார். நான் எப்ப சொன்னேன் என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து கற்பூரம் தேடினார்கள். மறுபடி போட்டார்கள். அந்தச் சத்தம், அந்தப் பச்சைச் சட்டை, கையிலிருந்த பீர் எல்லாவற்றையும் பார்க்கப் பார்க்க வரதன் நெற்றி சுருங்கி விரிந்தது. ஆமா, நண்டுன்னு ஒண்ணு வந்துச்சு, என்றார். லேசா ஞாபகம் வருது. பத்தா?

எலிசபெத்துக்கு இது கரும்பு தின்னக் கூலி கிடைத்ததுபோல. இது வேறு ரகம் என்றார். வரதன் சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகக் குடித்திருக்கிறார். பெட்டிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிருக்கிறது. எடுத்துக் காட்டினால் கிடைக்கும். தீனாவிடம் இதே வீடியோவை நூறு தடவை போட்டாலும் ஒரு செதில்கூடக் கிடைக்காது. சரவணன் சோதித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அன்றைக்கே ஊரில் ஒரு புது விதி எழுதினார்கள்: விசேஷ வீட்டில் பேசின பாடு மாற்றம், மறுநாள் காலையில் கரையில் வைத்து இரண்டு பேரும் திருப்பிச் சொன்னால்தான் செல்லும். இப்போது அந்தக் குப்பத்தில் உப்புக் கடன் கேட்டால்கூட, காலையில் வந்து கேளுங்க என்கிறார்கள். கல்யாணப் பேச்சு ஒன்று இதே விதியால் நின்றுபோனதாகக் கேள்வி. அதை நான் விசாரிக்கவில்லை.

அமாவாசைக்கு வரதன் முகத்துவாரத்தில் வலை கட்டினார். காற்று மாறி, வலை முழுக்கத் தொட்டால் அரிக்கிற சொறிமீன். இறாலை விரல்விட்டு எண்ணலாம். தீனா கரையில் நின்று, நாளையும் நேரத்தையும் ஞாபகத்தில் போட்டுக்கொண்டார்.

எலிசபெத் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அவர் வியாழக்கிழமைகளில் பொன்னேரி பெரிய ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்தும் கவுன்சிலிங்குக்குப் போய்வருகிறார். நாலு மாதம் ஆயிற்று. இடையில் மூன்று கல்யாணம், ஒரு திருவிழா. எல்லாவற்றையும் முழுசாக வைத்திருக்கிறார், யார் யார் எத்தனை தடவை எந்தக் கதையைச் சொன்னார்கள் என்பது உட்பட. இதனால் விசேஷ வீடுகளில் அவரைக் கண்டால் ஆட்கள் நகர்ந்துபோகிறார்கள். பழைய திருவிழாக்களில் எவையெல்லாம் தன்னுடையவை, எவை தேவகி சொல்லித் தன்னுடையவை ஆனவை என்று இரண்டு பேரும் சாயங்காலத்தில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். ஓடு போட்ட புதன்கிழமை அவருடையது. அதைத்தான் நான் போனபோது நிரூபித்துக்கொண்டிருந்தார்.

நண்டு விஷயம் மட்டும் இழுபறி. ஏழு வந்துவிட்டது. மீதி மூன்றையும் ஆடி மாதமே கொடுத்தாயிற்று, நீதான் வாங்கி உள்ளே வைத்தாய், உனக்குத்தான் ஞாபகம் நிற்காதே என்கிறார் வரதன். இதைக் கரையில், நாலு பேருக்கு நடுவில், சிரிக்காமல் சொல்கிறார்.

“காதுகுத்து அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு என்னைக் கேக்காத மச்சான், எனக்குத் தெரியாது. ஆடி மாசம் பூரா எனக்குத் தெரியும். மூணு நண்டு வரல.”

காலையில் வந்து கேளு என்று வரதன் சொல்லியிருக்கிறார். இன்றோடு பதினெட்டுக் காலை ஆகிறது. கணக்கு தீனாவுடையது.